நிற்கப்போகும் நாளுக்கு உரியவரிடமும் ஏன் சொன்னாய்?

ஒரே நாளை இரண்டு இடத்துக்குக் கொடுத்துவிட்டு, அதை இரண்டு இடத்துக்கும் போன் எடுத்துச் சொன்னேன். அதைப் பற்றிக் கல்முனைத் தோழி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அம்பாறைக்காரருக்குச் சொன்னது சரி. அவங்கட நாளைத்தான் நீ விட்டுக் குடுக்கப் போறாய். ஆனா அந்தக் கிராமத்து அக்காவுக்கு ஏன் சொன்னாய்? அவட கூட்டத்துக்கு நீ எப்படியும் போகத்தானே போறாய். சும்மா இருந்திருந்தா அவவுக்குத் தெரியவே வந்திராது. வீணா ஒரு மனுசிய ஒரு நாள் முழுக்கக் கலங்க வச்சிட்டாய்." அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை. அக்கா அன்று கலங்கித்தான் போனார். மத்தியானம் ஒருமுறை, இரவு ஒருமுறை போன் எடுத்து, "புள்ள, நீ வாறது நிச்சயந்தானே" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இருந்தாலும் நான் செய்தது பிழை என்று மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தமிழ்–சிங்கள மொழிபெயர்ப்பாளர். எழுத்து வேலை குறைவு, கூட்டங்களில் நின்று வாயால் பெயர்ப்பதுதான் அதிகம். மட்டக்களப்பில் வீடு. வேலை வாகரையிலிருந்து பொத்துவில் வரை எங்கேயும் வரும். 2025 ஜூன் 14, சனிக்கிழமை, ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம், மண்டூருக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பெண்கள் சங்கம். யானை வந்து வீட்டையும் தென்னையையும் உடைத்த இழப்பீட்டு விடயமாக வனசீவராசிகள் திணைக்கள அதிகாரி ஒருவர் அவர்களைச் சந்திக்க வருகிறார். அவருக்குத் தமிழ் வராது, இவர்களுக்குச் சிங்களம் வராது. இன்னொரு பக்கம், அம்பாறை நகரில் ஓர் அமைப்பு நடத்தும் இரண்டு நாள் பயிற்சி. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் தமிழ், முஸ்லிம், சிங்களக் கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள் ஒன்றாக இருந்து பேசுகிற பயிற்சி. முதலாவது இடத்தில் 3,000 ரூபாவும் மத்தியானச் சாப்பாடும். இரண்டாவது இடத்தில் நாளொன்றுக்கு 15,000 ரூபா. இந்தக் கணக்கும் அன்று இரவு என் மனதில் ஓடியது என்பதால் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையை இரண்டு பேரும் கேட்டது தற்செயல் இல்லை. ஜூன் 7 சனி ஹஜ்ஜுப் பெருநாள். 10 செவ்வாய் பொசன் பூரணை. அதே வாரத்தில் படுவான்கரையில் கண்ணகி அம்மன் கோவில்களில் வைகாசிச் சடங்கு, குளிர்த்தி. அந்த நாட்களில் ஊரில் யாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட முடியாது. மூன்று சமூகத்துக்கும் தடையில்லாமல் வந்த முதல் சனிக்கிழமை 14தான். நம் பக்கத்தில் கூட்டம் வைக்கிற எவரும் இப்படித்தான் நாள் தேடுவார்கள், தேடித் தேடி ஒரே நாளில் வந்து நிற்பார்கள். பெருநாளுக்கும் பூரணைக்கும் அடுத்து வரும் சனிக்கிழமைகளை நான் இப்போது தனியாகக் கவனித்துப் பார்க்கிறேன்.

கலண்டர் காட்டாத மோதல்

இரண்டு வேலையும் என் கலண்டரில் பதிவாகியே இருந்தன. மறக்கவில்லை. அதனால்தான் இது எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது.

சங்கத்து அக்கா மே 18 மாலை பேசினார். அப்போது நான் குருமண்வெளிப் பாதைப் படகில் வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தேன். "14ஆம் திகதி அதிகாரி வாறார், நீ நிக்க வேணும்." "சரி அக்கா." எத்தனை மணி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாதையில் நின்றபடியே போனை எடுத்து, நேரம் தெரியாததால் All day என்பதைத் தட்டி, சங்கத்தின் பெயரைப் போட்டுச் சேமித்தேன். அம்பாறை அமைப்பு மே 27இல் வந்தது, என்னுடைய பதிவுப் பக்கம் வழியாக. கூகுள் கலண்டரில் அப்படி ஒரு வசதி உண்டு. என் வேலை நாட்களை அரைநாள் துண்டுகளாகப் பிரித்து வைத்திருப்பேன், தேவைப்பட்டவர் இணைப்பைத் திறந்து, காலியாகத் தெரிகிற துண்டைத் தேர்ந்தெடுப்பார், உறுதி மின்னஞ்சல் தானாகவே அவருக்குப் போய்விடும். 14உம் 15உம் அவருக்குக் காலியாகத் தெரிந்திருக்கின்றன. அவர் நான்கு துண்டுகளையும் எடுத்துக்கொண்டார். எனக்கும் அறிவித்தல் வந்தது. பார்த்து, நல்லது என்று நினைத்து மூடிவிட்டேன்.

காலியாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். நேரம் குறிக்காமல் முழுநாள் நிகழ்வாகப் போட்டால், நாம் மாற்றாதவரை கூகுள் கலண்டர் அதை Free என்றே வைத்துக்கொள்ளும். ஒருவருடைய பிறந்தநாளோ கோவில் கொடியேற்றமோ அன்றைய வேலையைத் தடுக்கக்கூடாது என்பது அவர்கள் நினைப்பு. அது நியாயமானதுதான். பதிவுப் பக்கம் Busy என்று குறித்தவற்றை மட்டுந்தான் மோதலாக எடுக்கும். நான் ஒரு கிராமத்துக்குக் கொடுத்த சொல்லைப் பிறந்தநாள் மாதிரிப் பதிந்திருக்கிறேன். கலண்டரைக் கோப்பாக இறக்கித் திறந்து பார்த்தபோது அந்த நிகழ்வுக்குள் இந்த இரண்டு வரிகளும் இருந்தன:

```
DTSTART;VALUE=DATE:20250614
TRANSP:TRANSPARENT
```

TRANSPARENT என்றால் ஒளி ஊடுருவுவது என்று பொருள். அந்த நாளின் மேல் கண்ணாடி மாதிரி இருந்திருக்கிறது, அதனூடாக அம்பாறைக்காரருக்கு வெறும் நாள் தெரிந்திருக்கிறது. திரையில் பார்க்கிற எனக்கும் அப்படித்தான். முழுநாள் நிகழ்வு மேலே ஒரு மெல்லிய பட்டையாக நிற்கும், நேரம் குறித்தது கீழே பெட்டியாக நிற்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. மோதுகிற இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றால் கண் உடனே பிடிக்கும். பட்டையும் பெட்டியும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை போல அமைதியாக இருந்தன. ஜூன் 5 வியாழன் இரவு அடுத்த வாரத்துக்குப் பஸ் நேரம் பார்க்க உட்கார்ந்தபோதுதான் இரண்டையும் ஒரே பார்வையில் வாசித்தேன். வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது போல இருந்தது.

வியாழன் இரவு

9 நாள் இருக்கிறதே என்று முதலில் ஆறுதல்பட்டேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். சனி பெருநாள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அம்பாறை ஒருங்கிணைப்பாளர் ஊருக்குப் போய்விடுவார். திங்கள் வருவார், செவ்வாய் பூரணை விடுமுறை. வெள்ளி முற்பகலைத் தவறவிட்டால், அவர் மாற்று ஆள் தேட எஞ்சியிருப்பது நாலு வேலை நாள். ஆக எனக்கு நாளை காலை 11 மணி வரைதான் நேரம்.

அந்த இரவில் மூன்று பொய்கள் வாசலில் வந்து நின்றன. ஒன்று, காய்ச்சல் என்று சொல்வது. அதை உடனே தள்ளிவிட்டேன். கமக்காரர் அமைப்புகளில் மண்டூர்ப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள், நான் அன்று எங்கே நின்றேன் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். இரண்டாவது, பொய் போல் தெரியாத பொய். வட்ஸ்அப்பில் எழுதியும் விட்டேன்: "தவிர்க்க முடியாத காரணத்தால் 14ஆம் திகதி சமுகமளிக்க இயலாதுள்ளது என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன்." நம் ஊரில் மரண வீட்டிலிருந்து மாநாடு வரை எல்லாவற்றுக்கும் போகிற வசனம். அதை அனுப்பினால் அவர் என்ன நினைப்பார்? வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைப்பார், மேலே கேட்கக் கூச்சப்படுவார். கேட்காமல் இருக்கச் செய்வதுதான் அந்த வசனத்தின் வேலை. என் காரணமோ தவிர்த்திருக்கக்கூடியது. ஒரு Free, ஒரு Busy. அந்த வரியை அழித்தேன்.

மூன்றாவதுதான் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது: இரண்டுக்கும் போவது. காலை கிராமம், பிறகு மத்திய முகாம் வழியாக அம்பாறை. யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. "கொஞ்சம் பிந்தி வருவேன்" என்று அம்பாறைக்கு ஒரு வரி போதும். சொல்லாமல் சமாளிக்க நினைப்பவர் எல்லாரும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வருவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அம்பாறையில் காதுக்கருவி வைத்து உடனுக்குடன் பெயர்க்கிற வேலை. அதைத் தனியாளாகச் செய்ய முடியாது. இருவர் இருந்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம். அதற்கு மேல் ஒருவரே பேசினால் வசனம் விடுபடும், எண் மாறும், அது தனக்கே தெரியாமல் நடக்கும். நான் பிந்தினால் என்னுடன் இருக்கும் மற்றவர்தான் முழுக் காலையையும் தூக்க வேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டுக் கணக்கை அவர் பிழையாகச் சொன்னால் அந்தப் பிழை அவருடையதாக எழுதப்படும். இந்த யோசனை வந்த பிறகு மூன்றாவது பொய்யும் போய்விட்டது.

பிறகு ஒரு தாளை எடுத்து, யாருக்கு எப்போது சொல் கொடுத்தேன் என்று திகதியோடு எழுதினேன். மே 18, மே 27. முதலில் கேட்டவருக்குத்தான் நாள் சொந்தம் என்பது எப்போதும் கடைசித் தீர்ப்பு இல்லை. இரண்டாவது ஆளுக்கு உயிர் போகிற அவசரமாக இருக்கலாம். ஆனால் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை. மே 27இல் நான் அம்பாறைக்குக் கொடுத்தது என் கையில் இல்லாத நாள். அது ஏற்கெனவே அக்காவுடையது. இரவு ஒன்பதரைக்குக் கல்முனைத் தோழிக்குச் செய்தி போட்டேன். யார், எந்த வேலை என்று சொல்லவில்லை. "14 உனக்கு வசதியா? அம்பாறை, உடனுக்குடன் பெயர்ப்பு. இப்போது உறுதி செய்யாதே, நாளை மத்தியானம் வரை அந்த நாளை எனக்காகப் பிடித்து வைத்திரு. 12 மணிக்குள் ஆம், இல்லை சொல்கிறேன்." 12 என்று எழுதியது முக்கியம். முடிவு நேரம் இல்லாமல் ஒருவருடைய நாளைப் பிடித்து வைத்தால், நான் எனக்கு நேர்ந்த சிக்கலை அவளுடைய கலண்டருக்குத் தள்ளிவிட்டேன் என்றுதான் ஆகும். "சும்மாதான் இருக்கிறன்" என்று பதில் வந்தது.

கையில் மாற்று ஆள் கிடைத்த பிறகுதான் தோழியின் கேள்வி எனக்குள்ளும் எழுந்தது. இனி அக்காவிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

காலை ஆறே முக்கால்

அக்கா வயலுக்கோ கோவிலுக்கோ போவதற்கு முன் பிடிக்க வேண்டும் என்று ஆறே முக்காலுக்கு எடுத்தேன். குரலைக் கேட்டதும், "என்ன புள்ள, சனிக்கிழமை வாறதுதானே?" என்றார். ஏதாவது சுகம் விசாரித்துவிட்டு மெல்ல விடயத்துக்கு வரலாம் என்றிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அப்படிச் செய்தால் அது நாடகம். "அக்கா, நான் ஒரு பிழை விட்டிட்டன். அதே நாளை அம்பாறையில இன்னொரு ஆக்களுக்கும் குடுத்திட்டன். உங்களுக்குத்தான் முதல் சொன்னது. நேத்து இரவுதான் கண்டன். அவங்களுக்கு இன்னும் சொல்லேல்ல, எட்டே முக்காலுக்குச் சொல்லுவன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் கோழி கத்துகிற சத்தம் மட்டும். பிறகு அவர் சொன்னார்: "அப்ப நாங்க வேற நாள் பாக்கட்டா புள்ள?"

நான் இந்தக் கட்டுரை முழுவதும் சுற்றிச் சுற்றி வருவது அந்த வசனத்தைத்தான். நான் கேட்கவே இல்லை. அவர் தானாகவே விலகி இடம் கொடுத்தார். அம்பாறை என்றதும், ஏதோ பெரிய இடம், பெரிய ஆட்கள், நம்முடைய கூட்டம் ஒதுங்கினால் பரவாயில்லை என்று அவருடைய நாக்கு பழகி இருக்கிறது. நான் "சரி அக்கா, பெரிய உதவி" என்று சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு பேரிடமும் உண்மை சொன்ன திருப்தியும் எனக்கு இருந்திருக்கும். 15,000 ரூபாவும் வந்திருக்கும். உண்மை சொல்லியும் அநியாயம் செய்யலாம் என்று அந்த ஒரு நிமிடத்தில்தான் கண்டேன். விட்டுக்கொடுத்துப் பழகியவரிடம் மோதலைச் சொன்னால், அவர் விட்டுக்கொடுத்துவிடுவார். அதை அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

"இல்லக்கா, நாள் மாத்தச் சொல்லிக் கேக்கிறதுக்கு எடுக்கேல்ல. இப்படி நடந்திட்டு எண்டு சொல்லத்தான் எடுத்தன். நாள் மாறினா உங்களுக்கு என்ன போகும், அத மட்டும் சொல்லுங்க" என்றேன். அதன் பிறகுதான் உண்மை நிலைமை வந்தது. அதிகாரியின் நாளைப் பெற மூன்று கடிதம் எழுதியிருக்கிறார்கள். 23 பெண்கள் அன்றைக்குக் கூலி வேலைக்குப் போகாமல் விண்ணப்பத்தோடு நிற்கப் போகிறார்கள். கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் இன்னும் ஆறு பேருக்கு எடுக்க வேண்டும். இந்த நாள் போனால் அதிகாரி மறுபடி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. "அப்ப இந்த நாள் நிக்குது அக்கா. வேற கதை இல்ல" என்றேன். அவர் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது.

அதோடு இன்னொன்றும் தெரிய வந்தது. "முழு நாளும் நீ நிக்கத் தேவையில்ல, அதிகாரி பத்துக்கு வந்து பன்னிரண்டுக்குப் போயிருவாராம். பின்னேரம் நீ அம்பாறைக்குப் போகலாமே" என்றார். நான் முழுநாள் என்று போட்டது என் ஊகம். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. காரணத்தை மறைத்து, "எத்தனை மணிக்கு அக்கா?" என்று மட்டும் கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. "உனக்கு எப்ப வசதியோ அப்ப வா புள்ள" என்றுதான் சொல்லியிருப்பார். முன்பு பல தடவை அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஏன் கேட்கிறோம் என்று தெரியாதவர் மரியாதைக்குப் பதில் சொல்வார், தெரிந்தவர் கணக்குப் பார்த்துச் சொல்வார். தோழிக்கு நான் சொல்ல நினைத்த பதிலில் முக்கால்வாசி இதுதான். மீதி, இன்னும் எளிமையானது. அன்று காலை ஆறே முக்காலுக்கு அம்பாறை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் மறுத்திருந்தால், தோழி காலையில் மனம் மாறியிருந்தால், ஆட்டம் கண்டிருப்பது அக்காவுடைய நாளுந்தான். ஆபத்தில் இருக்கிற பொருள் அவருடையது என்றால், அது ஆபத்தில் இருக்கிறது என்று அறிகிற உரிமையும் அவருடையது.

"பின்னேரம் போகலாம்" என்றதை மட்டும் நான் எடுக்கவில்லை. அதிகாரி எந்த ஊரிலிருந்து எந்த ரோட்டால் வருகிறார் என்று எனக்குத் தெரியும். பத்து மணி என்றால் பத்து மணி இல்லை.

எட்டே முக்கால்

அம்பாறை ஒருங்கிணைப்பாளரை எனக்கு முகப்பழக்கம் இல்லை. மின்னஞ்சல் பழக்கந்தான். சலாம் சொல்லிவிட்டு நேரே சொன்னேன். "சேர், 14ஆம் திகதிக்கு நான் உங்களுக்கு உறுதி தந்தது பிழையாப் போயிற்று. அந்த நாள் மே 18இலேயே ஒரு கிராமச் சங்கத்துக்குக் குடுத்திருந்தன். கலண்டர்ல நான் குறிச்ச விதத்தால உங்கட பக்கத்துக்குக் காலியாக் காட்டியிருக்கு. பிழை என்னுடையது. 15 நான் கட்டாயம் வருவன். 14க்கு, ஏழு வருசமா இந்த வேலை செய்யிற ஒருத்தர் இன்று 12 மணி வரை உங்களுக்காக நாள் பிடிச்சிருக்கிறார்."

"மிஸ், கன்ஃபர்ம் பண்ணி மெயில் வந்ததே" என்றார். ஆம், வந்தது, என் பெயரில்தான் வந்தது என்றேன். அது தானாகப் போகிற மின்னஞ்சல் என்று விளக்கப் போகவில்லை. அந்தப் பக்கத்தை வைத்தது நான். கலண்டர் எப்படிப் பிழைத்தது என்பதை ஒரு வசனத்துக்கு மேல் நீட்டினால் கேட்பவருக்கு அது சாட்டாகத்தான் கேட்கும். மேலே நான் இவ்வளவு விரிவாக எழுதியது உங்களுக்கு உதவும் என்பதற்காக. அவருக்கு வேண்டியிருந்தது 14ஆம் திகதிக்கு ஓர் ஆள். அவர் குரல் இறுகிப்போயிற்று, ஆனால் கத்தவில்லை. எதற்காக அந்தச் சங்கத்தை மாற்றக்கூடாது என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதிகாரியின் நாள் பற்றிச் சொன்னேன். ஊர்ப் பெயர், ஆட்கள் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுடைய கஷ்டத்தை என் சாட்சிக்கு இழுக்க எனக்கு உரிமை இல்லை. அவர்களை நேரே பேச விட்டு, நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விடவும் மனமில்லை. பேசினால் யார் வெல்வார் என்று காலையிலேயே கேட்டுவிட்டேன்.

அவர் இரண்டு விடயம் கேட்டார். மாற்று ஆளோடு தானே பத்து நிமிடம் பேச வேண்டும், என்னுடைய சொற்பட்டியலை அவருக்குக் கொடுக்க வேண்டும். இரண்டும் நியாயம். தோழியின் பயணச் செலவு என்னுடையதைவிட 1,500 ரூபா கூடுதலாக வந்தால் அது என்னுடைய 15ஆம் திகதிக் கொடுப்பனவில் கழியட்டும் என்று அவர் கேட்கும் முன்பே சொன்னேன். போனை வைத்ததும், பேசியதை எழுத்தில் அனுப்பினேன், இருவரும் பிறகு ஒன்றையே நினைவு வைத்திருக்க வேண்டுமே:

"சேர், பேசியதன்படி: ஜூன் 14க்கு நான் தந்த உறுதி என் பிழையால் நிற்கவில்லை, மன்னிக்கவும். 14க்கு வேறொருவர், அவருடைய இலக்கம் கீழே. 15 நான். மேலதிகப் பயணச் செலவு என்னுடையது. சொற்பட்டியல் இன்று மாலை 4 மணிக்குள் அவருக்கும் உங்களுக்கும் வரும். மாற்று ஆள் சரிவராது என்றால் இன்று 12 மணிக்குள் சொல்லுங்கள், இன்னும் இருவரிடம் கேட்கிறேன்."

11:20க்கு "ஓகே மிஸ், அவ சரி" என்று வந்தது. தோழிக்கு எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் என்னுடன் சேர்ந்து பெயர்க்க இருந்த மற்றவருக்குச் சொன்னேன். அமைப்பாளருக்கு முன் அவருக்குச் சொல்லியிருந்தால் செய்தி வேறு வழியால் அம்பாறைக்குப் போயிருக்கும். அக்காவுக்கும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று ஒரு வரி போட்டேன். அவர் அதைப் பார்க்காமல் மத்தியானமும் இரவும் போன் எடுத்தார். காலையில் நானே மறுபடி பேசிச் சொல்லியிருக்க வேண்டும். எழுத்தை நம்பாத ஒருவருக்கு எழுத்தில் ஆறுதல் அனுப்பியது என் பிழை. தோழி சொன்ன ஒரு நாள் கலக்கம் அங்கேதான் வந்தது, உண்மையைச் சொன்னதால் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

சொற்பட்டியல் இரண்டு பக்கம். பெரும்போகம், சிறுபோகம் என்றால் சிங்களத்தில் மஹ, யல என்று எவருக்கும் தெரியும். ஆனால் சிங்களக் கமக்காரர் 'வெல் விதானே' என்றால் நம் பக்கத்தில் வட்டவிதானை என்று சொன்னால்தான் வயல்காரருக்குப் புரியும். புத்தகத் தமிழில் ஏதாவது சொன்னால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இப்படி அறுபது சொல். பல வருடம் சேர்த்தது. கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான் இல்லாத இடத்தில் வேலை கெடாமல் நடக்க வேண்டும் என்றால், நான் கொடுக்க வேண்டியது ஆளை மட்டுமல்ல.

தோழி 14ஆம் திகதி நன்றாகச் செய்தாள். அந்த அமைப்பு அடுத்த பயிற்சிக்கு இரண்டு நாளுக்கும் அவளையே கூப்பிட்டது. எனக்கு அழைப்பு வரவில்லை. அவர்கள் அப்படிச் செய்ததில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கிராமத்தில், அதிகாரி பதினொன்றேகாலுக்கு வந்தார். ரோட்டில் யானை நின்றதாம். வந்தவர் அவசரப்படவில்லை, ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்தார். ஒரு பாட்டி, உடைந்த சுவரின் படத்தைப் பேரனின் போனில் காட்டி, யானை எந்தப் பக்கத்தால் வந்தது, தான் எங்கே படுத்திருந்தேன் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். அதை வரி வரியாகப் பெயர்க்கவே இருபது நிமிடம் போனது. இடையில் நேரத்தைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. முடியும்போது இரண்டு மணி. மூன்று விண்ணப்பத்துக்கு இன்னும் கடிதம் தேவை, அதற்கு ஜூலையில் மறுபடி வருவதாக அதிகாரி சொன்னார். அக்கா சங்கத்தின் சீ.ஆர். கொப்பியைத் திறந்து அந்தத் திகதியை எழுதினார். எழுதிவிட்டு பேனையைத் தூக்காமல் என்னைப் பார்த்து, "எத்தனை மணி எண்டும் போடட்டா புள்ள?" என்று கேட்டார்.

"போடுங்கக்கா" என்றேன். 9:30 முதல் 2:30 வரை என்று அவர் கொப்பியில் எழுதினார், நான் போனில் போட்டேன். கீழே இறக்கிப் பார்த்தேன். Busy என்று இருந்தது.